ஐந்து நிமிடத்தில் ஒரு மண்பானை: பி.எட். வகுப்பில் எதை விடுவது, எதை வைப்பது?

பி.எட். படிப்பவர்கள் இருக்கும் வீடுகளில் வருடத்தில் ஒரு வாரம் மட்டும் ஒரே புலம்பல் கேட்கும். "அஞ்சு நிமிஷத்துல என்னத்தப் பாடம் நடத்துறது? அட்டெண்டன்ஸ் எடுக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும்!"

அது மைக்ரோ டீச்சிங் வாரம். பாடப் புத்தகத்தில் இதற்கு 'நுண்ணிலைக் கற்பித்தல்' என்று பெயர். ஆசிரியராகப் போகிறவர் பள்ளிக்குப் போய் முழு வகுப்பை எடுப்பதற்கு முன், சக மாணவர்களில் ஐந்து முதல் பத்துப் பேரை உட்கார வைத்து, ஒரே ஒரு சின்னக் கருத்தை, ஒரே ஒரு கற்பித்தல் திறனைப் பழகுவதற்காக நடத்திக் காட்ட வேண்டும். பாடத்தைத் தொடங்கும் திறன், விளக்கும் திறன், கிளறிக் கேட்கும் வினாத் திறன், கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள், தனித்தனி ரெக்கார்டு பக்கம்.

இந்த முறை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1963-ல் டுவைட் ஆலனும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது. அங்கே நிஜப் பள்ளி மாணவர்களையே அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். நம் நாட்டில் 1970-களில் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகமும் என்.சி.இ.ஆர்.டி.யும் இதை நம் கல்லூரிகளுக்கு ஏற்றபடி மாற்றியபோது, சக மாணவர்களே பள்ளிப் பிள்ளைகளாக நடிக்கும் ஏற்பாடு வந்தது. செலவில்லாத ஏற்பாடுதான். அதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. அது பின்னால் வரும்.

இந்திய முறையில் ஒரு சுற்றுக்கு 36 நிமிடம். நடத்த 6, குறை நிறை கேட்க 6, திருத்தி எழுத 12, மறுபடி நடத்த 6, மறுபடி கேட்க 6. கல்லூரிக்குக் கல்லூரி இது சற்று மாறும். நடத்துவதற்கு ஐந்தே நிமிடம் தரும் இடங்களும் உண்டு. இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது அந்த 12-ஐத்தான். பாடம் நடத்தும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு, உட்கார்ந்து திருத்துவதற்கு. 'எதை விடுவது' என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

திருச்சிப் பக்கம் ஒரு கல்வியியல் கல்லூரி மாணவியின் பாடத்தை எடுத்துக்கொள்வோம். இயற்பியல் படித்தவர். கல்யாணமாகி, பையன் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகு பி.எட். சேர்ந்தவர். வகுப்பில் எல்லோருக்கும் 'அக்கா'. அவருக்கு வந்தது விளக்கும் திறன். அவர் தேர்ந்தெடுத்த தலைப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆவியாதல்.

11 நிமிடம் 40 விநாடி

தலைப்பு கிடைத்த அன்று இரவே அக்கா முழுப் பாடத்தையும் எழுதிவிட்டார். கோடை வெயிலில் தாகத்தோடு வீட்டுக்கு வரும் ஒரு பையனின் கதை. பிறகு ஆவியாதலின் வரையறை. கொதித்தலுக்கும் ஆவியாதலுக்கும் நான்கு வேறுபாடுகள். ஆவியாதல் வேகத்தை மாற்றும் வெப்பநிலை, பரப்பு, காற்று, ஈரப்பதம். மூலக்கூறுகள் எப்படித் தப்பித்துப் போகின்றன என்ற படம். உள்ளுறை வெப்பம். வியர்வை, ஈரத் துணி, நாயின் நாக்கு, ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட் என நான்கு உதாரணங்கள். கடைசியில் மண்பானை.

செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு வாய்விட்டுப் படித்தார். 11 நிமிடம் 40 விநாடி. மாணவர்கள் பதில் சொல்லும் நேரம் இதில் சேரவில்லை.

மனதுக்குள் படித்துப் பார்ப்பவர்களுக்கு இந்த எண் தெரியவே தெரியாது. கண் ஓடும் வேகம் வேறு, வாய் பேசும் வேகம் வேறு. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் இடத்தில் நிஜமாகவே நாலு விநாடி சும்மா இருந்து பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

மறுநாள் அக்கா திருத்திய பிரதியுடன் வந்தார். இப்போது 5 நிமிடம் 20 விநாடி. நான்கு வேறுபாடுகள் இரண்டாகியிருந்தன. நான்கு காரணிகள், விளக்கம் போய் வெறும் பெயர்களாக நின்றன. கதை இரண்டு வரியானது. பேராசிரியை படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா இளைக்க வெச்சிருக்கம்மா. எதையும் விடல."

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். சாம்பாரில் ஆள் வரவர தண்ணீர் ஊற்றுவதுபோல, தலைப்பு எல்லாம் இருக்கும், எதிலும் ருசி இருக்காது. 'ஆவியாதல் நான்கு காரணிகளைப் பொறுத்தது: வெப்பநிலை, பரப்பு, காற்று, ஈரப்பதம்' என்று ஒரே மூச்சில் சொல்வதற்கு ஏழெட்டு விநாடிதான் ஆகிறது. ஆனால், கேட்கும் பிள்ளைக்கு அது ஒரு பட்டியல். அடுத்த வரி வருவதற்குள் அந்தப் பட்டியலைப் பிடிக்க முயன்று, அடுத்த வரியையும் விட்டுவிடும்.

முதலில் கடைசிக் கேள்வி

"முதல்ல கடைசிக் கேள்விய எழுது. பாடம் முடிஞ்சதும் பசங்ககிட்ட என்ன கேட்கப்போற?" என்றார் பேராசிரியை.

அக்கா எழுதிய முதல் கேள்வி: ஆவியாதல் என்றால் என்ன?

"அதுக்கு நீ வேணாம். புத்தகம் போதும்."

இரண்டாவது: மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது?

"நீ நாலாவது நிமிஷத்துல சொன்னத அஞ்சாவது நிமிஷத்துல திருப்பிச் சொல்லுவாங்க. புரிஞ்சுதா, ஞாபகம் இருக்கான்னு எப்படித் தெரியும்?"

மூன்றாவது கேள்வி வீட்டுக்குப் போகும் வழியில் கிடைத்தது. சாலையோரக் கடையில் பானைகள் அடுக்கியிருந்தார்கள். பாதி வெறும் மண்பானை. மீதி, வெளிப்புறம் முழுக்க பெயின்ட் அடித்து, பூப்போட்டு, பளபளப்பாக. வெளியே முழுக்க பெயின்ட் அடித்த பானையில் ஊற்றினால் தண்ணீர் குளிருமா? ஏன்?

பாடத்தில் சொல்லாத ஒன்றைக் கேட்கிறது இந்தக் கேள்வி. ஆனால், சொன்னதை வைத்தே பதிலை எட்டிவிடலாம். இது கிடைத்த பிறகு வெட்டுவது சுலபமாகிவிட்டது. ஒவ்வொரு வரியாகத் தொட்டு, 'இது இல்லாமல் ஒரு பிள்ளையால் பெயின்ட் பானைக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா?' என்று கேட்க வேண்டியதுதான். முடியும் என்றால் அந்த வரி வெளியே.

கொதித்தலோடு ஒப்பீடு வெளியே. நான்கு காரணிகள் வெளியே. தாகத்தோடு வந்த பையன், பாவம், அவனும் வெளியே. வரையறையும் போனது. அதைக் கரும்பலகையில் எழுதினால் கிட்டத்தட்ட 40 விநாடி வகுப்புக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் அது பெரிய சொத்து. 'ஆவியாதல்' என்ற சொல் மட்டும் பேச்சோடு பேச்சாக வந்தால் போதும்.

மனசு வராமல் விட்டது ஒன்று உண்டு. கொதிநிலையில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 540 கலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர வைக்க ஒரு கலோரியை எடுத்தால் போதும். அதாவது பானையிலிருந்து துளியூண்டு தண்ணீர் ஆவியாகிப் போனாலே உள்ளே இருக்கும் நிறைய தண்ணீரைக் குளிர்வித்துவிட முடியும். இயற்பியல் படித்தவருக்கு இதைச் சொல்லாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால், பெயின்ட் பானைக் கேள்விக்கு இந்த எண் தேவையில்லை. 'கலோரி' என்ற சொல்லை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெளிவாக்கவே தனியாக ஐந்து நிமிடம் வேண்டும்.

"மேடம், இதெல்லாம் சொல்லலைன்னா எனக்குத் தெரியலைன்னு நினைச்சுட மாட்டாங்களா?"

அக்காவின் பயம் நியாயமானதுதான். பக்கத்தில் உட்கார்ந்து மார்க் போடுகிறார்கள். ஆனால், விளக்கும் திறனுக்கான மதிப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது. தொடக்க வாக்கியம் தெளிவாக இருந்ததா, 'ஏனென்றால்', 'அதனால்', 'ஆகவே' என்று காரணத்தை இணைக்கும் சொற்கள் வந்தனவா, முடிவு வாக்கியம் இருந்ததா, புரிந்ததா என்று சோதித்தாரா என்பவை கூட்டல் பக்கம். கழித்தல் பக்கத்தில் முதலில் இருப்பதே 'தொடர்பில்லாத வாக்கியங்கள்' என்ற வரி. எவ்வளவு தெரியும் என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

சரியான பதில், தப்பான காரணம்

முதல் சுற்று. எட்டுப் பேர் பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒவ்வொருவர் புறங்கையிலும் ஒரு சொட்டு சானிடைசர் விட்டார். "எப்படி இருக்கு?" "ஜில்லுன்னு இருக்கு டீச்சர்!" அது ஆவியாகும்போது கையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்றார். வியர்வை, ஈரத் துணி, நாயின் நாக்கு, ஸ்பிரிட் நான்கையும் சொன்னார். இவை மட்டும் எப்படியோ வெட்டுக்குத் தப்பியிருந்தன. பிறகு, "மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கு. அதனாலதான் தண்ணி குளிருது" என்றார். கடைசியாகப் பெயின்ட் பானைக் கேள்வி.

"குளிராது டீச்சர்" என்றார்கள் எட்டுப் பேரும். 5 நிமிடம் 5 விநாடி. அக்கா முகத்தில் சிரிப்பு.

சக மாணவர்கள் பிள்ளைகளாக நடிப்பதில் உள்ள சங்கடம் இங்கேதான். இவர்கள் எல்லோரும் பட்டதாரிகள். ஆசிரியர் ஒரு படியை விட்டுவிட்டால்கூடத் தங்கள் அறிவால் அதை நிரப்பிக்கொண்டு தலையாட்டிவிடுவார்கள். நாளைக்குத் தன் முறை வரும்போது அக்காவும் தலையாட்ட வேண்டுமே என்ற கணக்கும் உண்டு. அதனால் இந்தப் பேராசிரியை ஒரு வழி வைத்திருக்கிறார். எட்டுப் பேரில் இருவர் அந்தப் பாடத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். அன்று வந்தவர்கள் ஒரு தமிழ் மாணவி, ஒரு வரலாற்று மாணவர்.

"குளிராதுன்னு சொன்னியே, ஏன்?" என்று வரலாற்று மாணவரைக் கேட்டார் பேராசிரியை.

"பெயின்ட் அடிச்சா ஓட்டை அடைஞ்சுடும் மேடம். காத்து உள்ள போகாதுல்ல?"

தமிழ் மாணவியும் அதையேதான் நினைத்திருந்தார். நுண்துளை வழியாக வெளிக்காற்று உள்ளே போய்த் தண்ணீரைக் குளிர்விக்கிறது என்று. இது அவர்கள் இருவரின் நினைப்பு மட்டுமல்ல, பல வீடுகளில் சொல்லப்படும் விளக்கம். நடப்பதோ நேர் எதிர். தண்ணீர்தான் துளை வழியாக வெளியே கசிகிறது. வெளிச்சுவரில் ஈரமாகப் பரவுகிறது. அங்கே ஆவியாகிறது. ஆவியாகத் தேவையான வெப்பத்தைப் பானையிடமிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

அக்கா விட்ட வரி, 'தண்ணீர் வெளியே கசிகிறது'. அவருக்கு அது அவ்வளவு வெளிப்படையான விஷயம். நுண்துளை என்று சொன்னாலே கசிவு என்று அவர் காதில் விழுந்துவிடுகிறது. அதனால் விட்டோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. யோசித்து வெட்டிய கலோரியும் வரையறையும் யாருக்கும் குறையாகப் படவில்லை. யோசிக்காமல் விடுபட்ட ஒற்றை வரிதான் பாடத்தைக் கவிழ்த்தது.

தமிழ் மாணவி இன்னொன்றும் சொன்னார். "சானிடைசர் ஜில்லுன்னுதானேக்கா இருக்கும்? அது ஆவியாகுறதாலதான் ஜில்லுன்னு இருக்குன்னு எப்படி நம்புறது?" நல்ல கேள்வி. சானிடைசர் இயல்பிலேயே குளிர்ந்த பொருள் என்று ஒரு பிள்ளை நினைத்தால், அந்தச் சோதனையில் அதை மறுக்க எதுவும் இல்லை. அப்புறம் சானிடைசரிலிருந்து தண்ணீருக்கு ஒரு தாவல் வேறு. கையில் விட்டது ஒன்று, பானையில் இருப்பது ஒன்று.

அந்த 12 நிமிடம்

திருத்தி எழுதும் நேரம். கசிவையும் சேர்க்க வேண்டும், சோதனையையும் சரி செய்ய வேண்டும். ஆனால், ஐந்து நிமிடம் ஆறாக முடியாது.

முதலில் போனவை அந்த நான்கு உதாரணங்கள். மொத்தம் 25 விநாடி. ஒவ்வொன்றும் ஒரு வரிதான் என்பதால் தப்பித்தவை. கேட்பவருக்கு அவை நான்கு புது இடங்கள். நாயின் நாக்குக்குப் போய்விட்டுப் பானைக்குத் திரும்பி வர வேண்டும். அக்காவே சொன்னார், "இத விட்டா பாடம் வறண்டு போயிடுமோன்னு வெச்சிருந்தேன் மேடம்."

அடுத்து சானிடைசரே போனது. எட்டுக் கைகளில் சொட்டு விடவே ஒன்றரை நிமிடம் ஆகியிருந்தது. அதற்குப் பதிலாக இரண்டு பேர் மட்டும் முன்னால் வந்தால் போதும். ஒரு புறங்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர், மற்றதில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். இரண்டும் காலையிலிருந்து ஒரே மேஜையில் இருந்தவை, அதனால் இரண்டின் சூடும் ஒன்றே. இரண்டு கையையும் ஒரே நோட்டால் விசிறினால், தண்ணீர் பட்ட கை குளிரும், எண்ணெய் பட்ட கை அப்படிக் குளிராது. காற்று இரண்டுக்கும் ஒன்றுதான். ஈரம் இரண்டிலும் உண்டு. வேறுபாடு ஒன்றே ஒன்று. தண்ணீர் போய்விடுகிறது, எண்ணெய் அங்கேயே இருக்கிறது. 'காற்றுதான் குளிர்விக்கிறது' என்ற நினைப்புக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சானிடைசர் சோதனை பார்க்கப் பிரமாதம். இது பார்க்கச் சாதாரணம், ஆனால் பதில் சொல்கிறது.

கசிவுக்கு ஒரு துண்டு செய்தித்தாள். முதல் நாள் இரவே தண்ணீர் ஊற்றி வைத்த சின்னப் பானையின் வெளிச்சுவரில் காகிதத்தை அழுத்தி எடுத்தால் ஈரக் கறை தெரியும். பத்து விநாடி வேலை. இதைச் சொல்லால் விளக்கியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும், நம்பியிருக்கவும் மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை. அன்று காலையில்தான் தண்ணீர் ஊற்றிய புதுப் பானையை எடுத்துப்போனால் சுவர் இன்னும் ஊறியிருக்காது, காகிதம் நனையாமல் மானத்தை வாங்கும். வீட்டில் புழங்குகிற பானையே நல்லது.

சுருக்கும்போது ஒரு எல்லையும் உண்டு. 'தண்ணீர் ஆவியாக வெப்பம் வேண்டும், அதைத் தான் ஒட்டியிருக்கும் பொருளிடமிருந்து எடுத்துக்கொள்ளும்' என்ற வரியில் மூலக்கூறு இல்லை, கலோரி இல்லை. ஆனாலும் அது முழு உண்மை. பதினொன்றாம் வகுப்பில் இதன் மேல் இன்னும் சேர்ப்பார்கள், இதை அழிக்க வேண்டியிருக்காது. 'துளை வழியா காற்றோட்டம் கிடைக்குது, அதான் குளிருது' என்பது அதைவிடச் சின்ன வரி. ஆனால், பின்னால் ஒரு ஆசிரியர் இதை அழித்துவிட்டுத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும். ஐந்து நிமிடப் பாடத்தில் முதல் வகைச் சுருக்கத்துக்கு அனுமதி உண்டு. இரண்டாவதற்கு இல்லை.

மறு சுற்று

ஆளை மாற்றினார்கள். வணிகவியல், ஆங்கிலம் படித்த இருவர் புதிதாக வந்து உட்கார்ந்தார்கள்.

அக்கா ஒரே கேள்வியுடன் ஆரம்பித்தார். "ஒரே குழாய்ல பிடிச்ச தண்ணி. எவர்சில்வர் குடத்துல ஒண்ணு, மண்பானையில ஒண்ணு. மத்தியானம் எது குளிர்ச்சியா இருக்கும்? எதனால?" பதிலை அப்போது வாங்கவில்லை. அரை நிமிடம். இரண்டு பேரை அழைத்து, தண்ணீரும் எண்ணெயும் விட்டு, நோட்டால் விசிறச் சொன்னார். அப்போதுதான் ஆங்கில மாணவி கேட்டார்:

"தேங்காய் எண்ணெய்தானே குளிர்ச்சி? எங்க பாட்டி தினமும் தலைக்கு வைக்கச் சொல்வாங்களே?"

வகுப்பே சிரித்தது. இந்த மாதிரிக் கேள்விதான் ஐந்து நிமிடப் பாடத்தைச் சாப்பிட்டுவிடும். உடல் சூடு, எண்ணெய்க் குளியல் என்று ஒரு நிமிடம் பேசலாம், சுவாரஸ்யமாகவும் இருக்கும். பதிலே சொல்லாமல் தள்ளினால் அந்தப் பிள்ளை மீதிப் பாடம் முழுக்கப் பாட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும். அக்கா சொன்னது ஒரே வரி: "பாட்டி சொல்ற குளிர்ச்சிய அப்புறம் பேசுவோம். இப்ப உன் ரெண்டு கையில எந்தக் கை ஜில்லுன்னு இருக்கு?" "தண்ணி பட்ட கை." "அந்தத் தண்ணி இப்ப எங்க?" "காணோம்!" "எண்ணெய்?" "அப்படியே இருக்கு."

அங்கேயே விளக்கத்தின் முதல் பாதி முடிந்தது. தண்ணீர் ஆவியாகிப் போனது, போகும்போது கையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டது, அதனால் கை குளிர்ந்தது. கடிகாரத்தில் இரண்டரை நிமிடம். பிறகு செய்தித்தாள், ஈரக் கறை. "இந்த ஈரம் எங்கேருந்து வந்துச்சு?" "உள்ளேருந்து!" பானையின் வெளிச்சுவரும் இப்போது தண்ணீர் பட்ட கை மாதிரிதான் என்று இணைத்தபோது நான்கு நிமிடம் ஆகவில்லை.

கடைசி ஒரு நிமிடம் பெயின்ட் பானைக்கு. இந்த முறை அக்கா, 'குளிருமா?' என்று கேட்டுவிட்டு நிறுத்தவில்லை. காரணத்தையும் சேர்த்தே கேட்டார். அதுவும் கூட்டமாக இல்லாமல், வணிகவியல் மாணவரைத் தனியாக.

"குளிராது டீச்சர். பெயின்ட் அடிச்சா தண்ணி வெளிய கசியாது. வெளிய வந்தாத்தானே ஆவியாகும்?"

4 நிமிடம் 50 விநாடி.

குறை நிறை சொல்லும் நேரத்தில் ஆங்கில மாணவி மடக்கினார். "அக்கா, ஐஸ் தண்ணி டம்ளர் வெளியேயும்தான் ஈரமா இருக்கு. அது கசியலையே? பானை ஈரமும் அப்படிக் காத்துலேருந்து வந்திருந்தா?"

அக்காவிடம் பதில் இருந்தது. காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிவதற்கு, அந்தப் பொருள் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். தன் தண்ணீர் ஆவியாவதால் மட்டும் குளிர்கிற பானை அவ்வளவு தூரம் இறங்காது. காற்றில் ஈரம் ஏற ஏற பானையின் குளிர்ச்சியும் குறையும். மழைக்காலத்துப் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராததும், கடலோர ஊரைவிட உள்ளூர் வெயிலில் பானை நன்றாக வேலை செய்வதும் இதனால்தான். இவ்வளவும் தெரிந்திருந்ததால்தான், பாடத்தில் இது எதையும் சொல்லாமல் அவரால் நிம்மதியாக இருக்க முடிந்தது.

அவருடைய ரெக்கார்டு நோட்டில் வலப்பக்கம் பாடம் ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. இடப்பக்கம் பென்சிலில் 'விட்டவை' என்று ஒரு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் இடம். காரணிகள் நான்கு: அடுத்த பீரியட், ஈரத் துணியை வைத்து. கொதித்தலோடு ஒப்பீடு: அதற்கடுத்த பீரியட். 540 கலோரி: மேல் வகுப்பு. நாயின் நாக்கு: வீட்டுப்பாடக் கேள்வி. தாகத்தோடு வந்த பையன்: வேண்டாம். கடைசியில் வேறு மையில் ஒரு வரி, மறு சுற்று முடிந்த பிறகு எழுதியது: பாட்டியின் தேங்காய் எண்ணெய், பதில் சொல்ல வேண்டும்.